எலக்ட்ரானை எடைபோடாமல் விட்டால் என்ன ஆகிவிடும்?



போன வாரம் தம்பி வீட்டுப் பேத்தி விடைத்தாளோடு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. இரும்பு-56 அணுக்கருவின் பிணைப்பாற்றல் கணக்கு. அவள் ஹைட்ரஜன் அணுவின் நிறை 1.007825-ஐப் போட்டிருந்தாள். பயிற்சி மையத்தில் அதைச் சிவப்பு மையால் அடித்து, "புரோட்டான் நிறை 1.007276" என்று எழுதி, மதிப்பெண் இல்லை என்று விட்டார்கள். "நான் செஞ்சது தப்பா தாத்தா?" என்றாள். தப்பு அவளுடையதல்ல. திருத்திய கையுடையது.

கணக்கைப் பாருங்கள். கேள்வியில் கொடுத்தது இரும்பின் அணு நிறை, 55.934936 அலகு. அணு நிறை என்றால் கருவோடு 26 எலக்ட்ரானும் சேர்ந்த எடை. நம்மூர்க் கமிட்டியில் மல்லாட்டை மூட்டையைச் சாக்கோடு எடைபோடுவது போல. ஒரு பக்கம் சாக்கோடு எடைபோட்டுவிட்டு மறுபக்கம் சாக்கில்லாமல் போட்டால் வியாபாரி விடுவானா? ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான். 26 ஹைட்ரஜன் அணுக்களை எடுத்தால் 26 எலக்ட்ரானும் கூடவே வந்துவிடும். இரண்டு பக்கமும் 26 சாக்கு, கழித்தால் போய்விடும். அதற்காகத்தான் ஹைட்ரஜன் நிறை.

26 × 1.007825 = 26.203450. நியூட்ரான் 30 × 1.008665 = 30.259950. கூட்டினால் 56.463400. இதிலிருந்து 55.934936 போக, நிறை குறைபாடு 0.528464 அலகு. ஒரு அலகுக்கு 931.494 மெகா எலக்ட்ரான் வோல்ட், அதாவது எம்.இ.வி. பெருக்கினால் சுமார் 492.3. அதை 56-ஆல் வகுத்தால் நியூக்ளியான் ஒன்றுக்கு 8.79 எம்.இ.வி. இதுதான் சரி.

மையத்தின் வழியில் போனால் நிறை குறைபாடு 0.514190, ஆற்றல் 479, நியூக்ளியானுக்கு 8.55. காணாமல் போன 13.3 எம்.இ.வி. வேறெங்கும் போகவில்லை. அது 26 எலக்ட்ரான்களின் நிறை, ஒன்றுக்கு 0.511.

"சார், எலக்ட்ரான் அவ்வளவு சின்னது, அதுக்குப் போய் சண்டையா?" என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அணுவோடு ஒப்பிட்டால் சின்னதுதான். ஆனால் நாம் தேடுவது அணுவின் நிறையை அல்ல; 56.46-க்கும் 55.93-க்கும் நடுவில் இருக்கும் ஒரு மெல்லிய வித்தியாசத்தை. அந்த வித்தியாசத்தின் முன்னால் எலக்ட்ரான் சின்னதல்ல.

நம்பாதவர்கள் டியூட்டிரியத்தில் போட்டுப் பாருங்கள். அணு நிறை 2.014102. ஹைட்ரஜன் நிறையைப் போட்டால் 2.22 எம்.இ.வி. வெறும் புரோட்டானைப் போட்டால் 1.71. கிட்டத்தட்ட கால் பங்கு காணோம்! இங்கே தீர்ப்பு சொல்ல நானும் வேண்டாம், மையமும் வேண்டாம். ஹைட்ரஜன் கரு ஒரு நியூட்ரானைப் பிடித்து டியூட்டிரியம் கருவாகும்போது ஒரு காமாக் கதிர் வெளிவருகிறது. அளந்தால் 2.22 எம்.இ.வி. 1934-இல் சாட்விக்கும் கோல்டாபரும் தோரியத்திலிருந்து வரும் 2.62 எம்.இ.வி. காமாக் கதிரால் அந்தக் கருவை உடைத்தும் காட்டினார்கள். இயற்கை விடைத்தாளைத் திருத்திவிட்டது.

புரோட்டான் நிறையையே போடக்கூடாதா என்றால், தாராளமாகப் போடலாம். அப்போது இரும்பிலிருந்தும் 26 எலக்ட்ரான் நிறையைக் கழித்துவிட்டுப் போட வேண்டும். விடை அதே 8.79 வரும். இரண்டும் சரியான வழி. ஒன்றில் பாதி, இன்னொன்றில் பாதி எடுத்துக் கலப்பதுதான் பிழை. எலக்ட்ரான்களை அணுவோடு கட்டியிருக்கும் ஆற்றலையும் நாம் விட்டுவிடுகிறோமே என்று கேட்டால், நல்ல கேள்வி. இரும்பில் அது மொத்தமே சுமார் 0.03 எம்.இ.வி. 492-க்கு முன்னால் அதை விடலாம். 13.3-ஐ விட முடியாது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிவதுதான் இயற்பியல்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் சில வருடங்கள் நானும் புரோட்டான் நிறையையே கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் "சார், விடை புத்தகத்தோட ஒத்துவரலியே" என்றான். "உட்காருடா" என்றேன். அன்றிரவு போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மறுநாள் வகுப்பில் திருத்தினேன். ஆனால் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று கேட்கிறேன்.

நம் கவுத்திமலையில் கிடக்கும் இரும்புத்தாதுவில் இரும்பின் பெரும்பகுதி இதே இரும்பு-56 தான். அதன் கணக்கைச் சரியாகப் போட்ட பிள்ளைக்குப் பூஜ்யம் போட்டால், அடுத்த முறை அவள் யோசிக்க மாட்டாள், மனப்பாடம் செய்வாள். ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, சிவப்புப் பேனாவை எடுக்கும் முன் கேள்வியில் "அணு நிறை" என்று இருக்கிறதா, "கருவின் நிறை" என்று இருக்கிறதா என்று ஒரு தடவை படியுங்கள்.

பேத்தி நாளை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு திரும்பப் போகிறாள். கூட நானும் போகிறேன்.

— உங்கள் வாத்தியார், கீழ்பென்னாத்தூர்