அந்த ரெண்டு கோட்டுக்குத்தான் மார்க் கொடுக்கணும்

1/(x²+a²)-இன் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் என்னன்னு கேட்டா, (π/a)e^(−a|s|)-ன்னு டக்குனு சொல்லிடுவோம். ஆனா s-க்கு ரெண்டு பக்கமும் நிக்குதே மாடுலஸ் கோடு, அது எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க. பதில் வர்றது கஷ்டம். என்னைக் கேட்டா, இந்தக் கணக்குல மார்க் கொடுக்க வேண்டியதே அந்த ரெண்டு கோட்டுக்குத்தான். மத்ததெல்லாம் வெறும் ரெசிட்யூ போடுறது.

கணக்கை ஒருமுறை சேர்ந்து போட்டுப் பார்ப்போம். a > 0. நமக்கு வேண்டியது e^(isx)/(x²+a²)-ஐ −∞-லிருந்து ∞ வரை இன்டகிரேட் பண்றது. x-க்குப் பதில் z போட்டா, போல் ரெண்டு இடத்துல இருக்கு: ia, −ia. ரியல் ஆக்ஸிஸ் மேல R நீளத்துக்கு ரெண்டு பக்கமும் போய், ஒரு அரைவட்டம் போட்டு மூடணும். மேலே மூடுறதா, கீழே மூடுறதா? முழுக் கதையும் இந்தக் கேள்விலதான் இருக்கு.

z = x+iy-ன்னு வெச்சா, e^(isz)-இன் அளவு e^(−sy). s பாசிட்டிவ்னா, மேல் பாதியில y-யும் பாசிட்டிவ், அதனால இது 1-ஐத் தாண்டாது. அரைவட்டத்தோட நீளம் πR, கீழே இருக்கிற பகுதி குறைஞ்சது R²−a². ஆக அரைவட்டத்தோட பங்கு அதிகபட்சம் πR/(R²−a²). a = 1, R = 100-னா இது சுமார் 0.03 தான். R வளர வளர பூஜ்யத்துக்குப் போயிடும். உள்ளே மாட்டுற போல் ia மட்டும். அங்கே ரெசிட்யூ e^(−as)/(2ia). அதை 2πi-ஆல பெருக்கினா (π/a)e^(−as).

பெரும்பாலும் இங்கேயே பேனாவை மூடி வெச்சிடுறோம். s நெகட்டிவ்னா என்ன ஆகும்? அதே மேல் அரைவட்டத்துல e^(−sy) இப்போ வெடிச்சு வளருது. அரைவட்டத்தோட பங்கு பூஜ்யம்னு இனிமே சொல்ல முடியாது. அதனால கீழே மூடியே ஆகணும். போல் −ia, ரெசிட்யூ e^(as)/(−2ia). சுத்துறது கடிகார திசையில, அதனால பெருக்க வேண்டியது −2πi-ஆல. ரெண்டு மைனஸும் அடிபட்டு (π/a)e^(as) வரும். s நெகட்டிவ்ங்கிறதால இதுவும் தேய்ஞ்சுக்கிட்டேதான் போகுது. இந்த ரெண்டு பாதியையும் ஒரே வரியில எழுதுறதுக்குத்தான் மாடுலஸ். எந்தப் பக்கம் மூடினோம்ங்கிற முடிவைத்தான் அந்தக் கோடுகள் சொல்லுது.

இதைக் கவனிக்காம விட்டா என்ன நடக்கும்னு பாருங்க. a = 1, s = −2. மேல் பாதி ஃபார்முலாவையே போட்டா πe², அதாவது சுமார் 23.2. சரியான விடை πe^(−2), சுமார் 0.43. இன்னொரு குறுக்குவழி: e^(isz)-க்குப் பதிலா நேரா cos(sz) எடுத்து மேலே மூடுறது. அப்போ π cosh 2, சுமார் 11.8 வரும். cos மேலேயும் வளரும், கீழேயும் வளரும். அதுக்கு எந்த அரைவட்டமும் உதவாது. ரெசிட்யூ தேற்றம் பொய் சொல்லல. மீதிக் கணக்கு, பூஜ்யம்னு நாம அடிச்சுவிட்ட அரைவட்டத்துல ஒளிஞ்சிருக்கு.

தப்பைக் கண்டுபிடிக்க ஒரு வரி போதும். e^(isx)-இன் அளவு எப்பவும் 1. அதனால s எதுவா இருந்தாலும் விடையோட அளவு, s = 0-ல வர்ற மதிப்பைத் தாண்டவே முடியாது. அந்த மதிப்பு சாதாரண tan இன்வர்ஸ் இன்டகிரல்தான்: π/a. a = 1-க்கு 3.14. 23.2, 11.8 ரெண்டும் அங்கேயே அவுட். கடிகார திசையோட மைனஸை மறந்தா விடை நெகட்டிவ்ல வரும். அப்போ s = 0 கிட்ட π/a-ல போய்ச் சேராம −π/a-க்குப் போகும். அதையும் இதே சோதனை காட்டிக் கொடுத்துடும்.

இப்போ என் புகாருக்கு வர்றேன். கான்டூர் இன்டகிரேஷன்ல இதே கணக்கு cos mx/(x²+a²)-ன்னு வரும். கேள்வியிலேயே m > 0-ன்னு அச்சடிச்சிருக்கும். அதைப் படிக்காமலேயே தாண்டிப் போறோம், ஏன்னா யோசிக்க வேண்டிய பாதியை அந்தக் குறி ஏற்கெனவே வெட்டி எடுத்துடுச்சு. அப்புறம் சிக்னல்ஸ் பாடத்துல ஃப்ரீக்வென்சி நெகட்டிவ்லயும் போகும். அங்கே மாடுலஸோட விடை டேபிள்ல ரெடியா நிக்கும். ரெண்டும் ஒரே கணக்குன்னு யாரும் சேர்த்துக் காட்டுறதில்ல.

கேள்வித்தாள்ல ஒரு சின்ன மாற்றம் போதும்: அந்த "> 0"-வை எடுத்துடுங்க. மனப்பாடம் பண்ணினவங்க e^(−as)-ல நிப்பாங்க. எந்தப் பக்கம் மூடணும்னு யோசிச்சவங்க ரெண்டு கோடு போடுவாங்க. யாருக்குப் புரிஞ்சிருக்குன்னு பேப்பர் திருத்துறவங்களுக்கு அப்போ ஒரே பார்வையில தெரிஞ்சிடும்.