ஜோக்கை மாற்றினால் துரோகமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எடப்பாடியில் நம் உறவில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பேச்சு சினிமா பக்கம் போனது. "அவ்வை சண்முகியை இந்தியில எடுத்து, பேரையே கெடுத்துப்போட்டாங்க மாமா. அசல்ல இருக்கிறத அப்படியே சொல்லோணுமுங்க. மாத்துறது ஏமாத்துறதுங்க" என்றார் மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். சபையில் மாப்பிள்ளையை மறுத்துப் பேச வேண்டாமென்று நானும் சிரித்துவிட்டு வந்தேன். இப்போது பதில் சொல்கிறேன்.

மாப்பிள்ளை, முதலில் நீங்கள் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தையே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். 'மாத்துறது', 'ஏமாத்துறது' என்று ஒரே எழுத்து முன்னால் வந்து நின்றதால்தான் எல்லோரும் சிரித்தார்கள். ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்படியே சொன்னால் கருத்து போய்ச் சேரும், சிரிப்பு சேராது. சிரிப்பு சேராத ஜோக்கை 'அப்படியே சொன்னேன்' என்று எப்படிச் சொல்வது?

இனி படத்துக்கு வருவோம். இந்தக் கதைக்கு மூலம் 1993இல் வந்த 'மிஸஸ் டவுட்ஃபயர்' என்ற ஆங்கிலப் படம். அதில் பெண் வேடம் போடப் போகிறவர் தனக்கு ஒரு பெயர் தேடும்போது, பத்திரிகைத் தலைப்பு ஒன்று கண்ணில் படுகிறது. தீ விபத்து தற்செயலானதுதானா என்று போலீஸ் சந்தேகப்படுவதாகச் செய்தி. அதிலிருக்கும் 'டவுட்', 'ஃபயர்' இரண்டையும் ஒட்டிப் பெயராக்கிக்கொள்கிறார். மாப்பிள்ளை சொல்கிறபடி அப்படியே தமிழாக்கியிருந்தால் 'திருமதி சந்தேகத்தீ' என்று வந்திருக்கும். நாம் யாராவது தியேட்டருக்குப் போயிருப்போமா?

1996இல் தமிழில் என்ன செய்தார்கள்? 'அவ்வையார்' நாடகத்தில் ஔவையாராகவே வாழ்ந்து காட்டியவர் டி.கே. சண்முகம். ஆண் போட்ட பெண் வேடத்துக்கு அவர் ஓர் அடையாளம். அவரை மக்கள் அவ்வை சண்முகம் என்றே அழைத்தார்கள்; சென்னையில் அந்தப் பெயரில் சாலையே இருக்கிறது. கமல்ஹாசன் அந்த நாடகக் குழுவில் இருந்தவர். 'சண்முகம்' என்பதை 'சண்முகி' ஆக்கியதும், ஓர் ஆண் பெண்ணாகிவிட்டான் என்பது பெயரிலேயே வந்துவிட்டது. ஆங்கிலத் தலைப்பில் இருந்த ஒரு சொல்கூட இதில் இல்லை. ஆனால் பெயரைக் கேட்டதும் சிரிப்பு வந்தது.

அதே படம் தெலுங்குக்கு டப்பிங் ஆனபோது பெயர் 'பாமனே சத்யபாமனே'. அங்குள்ளவர்களுக்கு அவ்வை சண்முகத்தைத் தெரியாது. ஆனால் குச்சிப்புடியில் சத்யபாமா வேடத்தை ஆண்களே போட்டு ஆடி வந்த மரபு தெரியும். சத்யபாமா மேடைக்கு வந்து தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் சொற்களையே படத்துக்குப் பெயராக வைத்தார்கள். ஆளும் கதையும் மாறினாலும், பெண் வேடத்தில் பேர் வாங்கிய ஆண் என்கிற விஷயம் அப்படியே நின்றது.

இந்தியில் 1997இல் கமலே இயக்கி எடுத்தார், வசனம் குல்சார். பெயர் 'சாச்சி 420', அதாவது 420 சித்தி. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 420 என்பது மோசடிக்கான பிரிவு. 1955இலேயே ராஜ்கபூர் 'ஸ்ரீ 420' என்று படம் எடுத்து அந்த எண்ணை இந்தி ரசிகர்கள் வாயில் ஏற்றிவிட்டார். அந்த ஊர்க்காரர்கள் எதைக் கேட்டால் சிரிப்பார்களோ அதைக் கொடுத்தார்கள். கெடுத்தது எங்கே, மாப்பிள்ளை? இன்னொன்றும் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்து, மோசடி 318ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. நாளைக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்கு 420 வெறும் எண்ணாகிவிட்டால், இந்த ஜோக்கையும் மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

ஆகவே நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. சிரிப்பு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தவனைப் பார்த்துச் சிரித்தால் அது எந்த மொழியிலும் அப்படியே போகும். ஒரு சொல்லின் ஓசையையோ, ஒரு ஊர் மக்களின் நினைவையோ பிடித்துக்கொண்டு நின்றால், அது இல்லாத ஊருக்குப் போகும்போது வேறொன்றைக் கொடுத்தே ஆக வேண்டும். அடிக்குறிப்புப் போட்டு விளக்கினால் அது பாடம் ஆகும், ஜோக் ஆகாது.

அப்படியானால் எல்லாவற்றையும் இஷ்டத்துக்கு மாற்றலாமா என்று கேட்பீர்கள். கூடாது. அதற்கும் ஓர் உதாரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. வெளிநாட்டில் படிக்கும் என் பேத்தி, விசைத்தறி ஓட்டிய நம் பெரியவர் ஒருவரிடம் போனில் பேசி, பள்ளிக்கு ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினாள். பெரியவர் சொன்னது: "எங்க மொதலாளி கர்ணனுங்க. வருசம் பூரா துண்டு ஓட்டுனனுங்க, தீவாளிக்கு ஒரு துண்டு குடுத்தாருங்க." பேத்தி, 'முதலாளி மிகுந்த கொடையாளி' என்று எழுதிவிட்டாள். அவளுடைய டீச்சர் அந்த முதலாளியைப் பாராட்டிக் குறிப்பு எழுதினாராம்! சொல்லுக்குச் சொல் சரி. அர்த்தம் தலைகீழ். நம் ஆள் வயிற்றெரிச்சலில் சொன்ன குத்தல், முதலாளிக்கு நற்சான்றாகப் போய்விட்டது.

கர்ணனை எடுத்துவிட்டு அங்குள்ள கிறிஸ்துமஸ் தாத்தாவைப் போடலாமா என்று பேத்தி கேட்டாள். வேண்டாம் என்றேன். சினிமாத் தலைப்பு பார்க்கிறவர்களுக்கானது, அதனால் மாற்றலாம். இங்கே பேசுகிறவர் எடப்பாடித் தறிக்காரர். அவர் வாயில் கிறிஸ்துமஸ் தாத்தாவை வைத்தால் அது பொய். பெயரை விட்டுவிடு, குத்தல் எங்கே இருக்கிறதென்று பார் என்றேன். வருசம் பூரா நெய்தது துண்டு, கிடைத்தது ஒரு துண்டு. அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து, 'முழுசாக ஒன்று' என்று ஆங்கிலத்தில் ஓர் அழுத்தம் கொடுக்கச் சொன்னேன். திருத்தி அனுப்பினாள். இந்தத் தடவை டீச்சருக்குப் புரிந்தது.

இவ்வளவு பேசுகிற நானும் ஒரு காலத்தில் மாப்பிள்ளை கட்சிதான். எட்டாம் வகுப்பில் ஓர் ஆங்கில விடுகதையைத் தமிழாக்கச் சொன்னேன். கருப்பு, வெள்ளை, உடம்பெல்லாம் 'ரெட்'. விடை செய்தித்தாள். சிவப்பு என்ற சொல்லும் 'படிக்கப்பட்டது' என்ற சொல்லும் ஆங்கிலத்தில் ஒரே ஓசை, அதுதான் அதில் வேடிக்கை. எல்லோரும் 'உடம்பெல்லாம் சிவப்பு' என்று எழுதினார்கள், மார்க் போட்டேன். ஒரு பையன் மட்டும், "வாசலில் இருந்தால் மிதிப்பேன், கடையில் இருந்தால் அளப்பேன், வாத்தியார் சொன்னால் பயப்படுவேன். அது என்ன?" என்று எழுதி, விடை 'படி' என்று போட்டிருந்தான். நான் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு, 'கேட்டதை மட்டும் எழுது' என்று எழுதினேன். பூஜ்யம்.

அந்த வகுப்பில் மூலத்தைப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். ஒரு சொல் பல பொருள் என்கிற வேடிக்கையைப் பிடித்து, தமிழில் அதே வேலையைச் செய்யும் சொல்லைக் கண்டுபிடித்திருந்தான். பட்டயப் பயிற்சி முடித்த எனக்குத்தான் அது தெரியவில்லை.

அந்தப் பையன் இந்தப் பதிவையும் படிப்பான். பெயர் போடவில்லை. தம்பி, அன்று தராத ஐந்து மார்க்கை இன்று தருகிறேன். வாத்தியார் தப்புப் பண்ணிவிட்டேன்.

மாப்பிள்ளை, அடுத்த விசேஷத்தில் பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
எடப்பாடி