லவ் ஸ்ப்ரெட்டில் மேஜர் கார்டே வரவில்லையா?

காதலைப் பற்றிக் கேட்டு எடுத்த ஐந்து கார்டுகளில் 'லவ்வர்ஸ்' இல்லை, 'சன்' இல்லை, மேஜர் அர்கானா ஒன்றுகூட இல்லை. 'இந்த உறவுக்கு எதிர்காலமே இல்லையோ?' என்று பலர் பதறுவது இங்கேதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. டாரட் கட்டில் இருக்கும் 78 கார்டுகளில் மேஜர் 22, மைனர் 56. நன்றாகக் கலைத்து ஐந்து எடுத்தால், நூற்றுக்குச் சுமார் 18 முறை மேஜர் வராது. எனவே இது அபூர்வமல்ல. ஆனால், தொடர்ந்து இப்படியே வந்தால் கட்டை எண்ணிப் பாருங்கள். பழகுவதற்காகப் பிரித்து வைத்த மேஜர் கார்டுகளைத் திரும்பச் சேர்க்க மறந்திருக்கலாம்.

டாரட் மரபில் மேஜர் கார்டுகள் வாழ்க்கையின் பெரிய திருப்பங்களைச் சொல்பவை. மைனர் கார்டுகள் அன்றாடத்தைச் சொல்பவை. மேஜர் இல்லையென்றால், விஷயம் விதியிடம் இல்லை, இருவரின் தினசரி நடப்பில் இருக்கிறது என்றே வாசிப்பார்கள்.

ஓர் உதாரணம். வேலைக்குப் போகும் ஒரு மனைவி, 'அவருக்கு என் மேல் அன்பு குறைந்துவிட்டதா?' என்று கேட்கிறார். அவருடைய இடத்தில் நாணயம் எட்டு: பட்டறையில் தனியே உட்கார்ந்து வேலையில் மூழ்கிய ஆள். கணவரின் இடத்தில் கோல் பத்து: பத்துக் கோல்களைச் சுமந்து குனிந்து நடப்பவர், சுமை முகத்தையே மறைக்கிறது. இருவரையும் இணைப்பது கோப்பை ஆறு: பூ வைத்த கோப்பையை நீட்டும் சிறுவன், பழைய பாசம். தடை, கோல் ஐந்து: ஆளுக்கொரு கோலோடு மோதும் ஐந்து பேர், சில்லறைச் சண்டைகள். அடுத்து வருவது கோப்பையின் பேஜ்: கையில் கோப்பையோடு நிற்கும் இளைஞன், மென்மையான ஒரு செய்தி.

மேஜர் இல்லாதபோது எந்த வகை அதிகம், எது இல்லை என்று எண்ணுவதுதான் திறவுகோல். இங்கே கோப்பை இரண்டு, அன்பு இருக்கிறது. கோல் இரண்டு, சக்தியெல்லாம் சுமையிலும் சண்டையிலும் செலவாகிறது. வாள் ஒன்றுகூட இல்லை. வாள் என்பது எண்ணமும் பேச்சும். அதாவது, இருவரும் மனம்விட்டுப் பேசவே இல்லை. ஆக, பதில் இதுதான்: அன்பு குறையவில்லை, களைப்பு அதை மறைக்கிறது. முதல் வார்த்தையை யாராவது ஒருவர் தொடங்க வேண்டும்.

இந்த இடத்தில் நடக்கும் தவறு, மேஜர் வரும்வரை கார்டு எடுத்துக்கொண்டே போவது. ஆறாவதாக 'டவர்' வந்துவிட்டால், ஐந்து கார்டுகள் சொன்னதெல்லாம் மறந்து பயம் மட்டுமே மிஞ்சும்.

இன்னொன்று, இப்படி வரும் ஸ்ப்ரெட் இப்போதைய நிலையை மட்டுமே காட்டும். 'ஆயுள் முழுக்க நிலைக்குமா?' என்ற கேள்விக்கு அதில் பதில் தேடக் கூடாது. 'இந்த வாரம் நான் என்ன செய்யலாம்?' என்று கேட்டால், அந்த ஐந்து கார்டுகளே போதும்.