ஜாமீன் கையெழுத்தும் பத்தாண்டு கழித்து வரும் நோட்டீஸும்

மளிகைக் கடைக்காரர் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தெருவில் இரண்டு பேர் கூட்டாக ஹார்டுவேர் கடை தொடங்கினார்கள். வெளிமாநிலத்திலிருந்து சரக்கு எடுக்க மத்திய விற்பனை வரிப் பதிவு வேண்டும் என்றும், அதற்கு ஜாமீன் கேட்கிறார்கள் என்றும் சொன்னார்கள். "அண்ணாச்சி, ஒரு கையெழுத்துதான்" என்றதும் கடை மேசையிலேயே வைத்துப் போட்டுக் கொடுத்தார். அது 2009. பத்தாண்டுக்கு மேல் கழித்து வணிகவரி அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு பதிவுத் தபால் வருகிறது. ஹார்டுவேர் கடையின் 2014-15ஆம் ஆண்டு நிலுவை ரூ.6,84,000, ஜாமீன்தாரர் என்ற முறையில் கட்டவும், தவறினால் சொத்து ஜப்தி. அந்தக் கடை மூடி வெகுநாள் ஆகிறது.

இந்த நிலையில் பெரும்பாலோர் எழுதும் பதில் ஒன்றுதான்: "வரி பாக்கி வைத்தவர் அவர். முதலில் அவரிடம் வசூலியுங்கள், முடியாவிட்டால் என்னிடம் வாருங்கள்." கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் சட்டத்தில் இது நிற்காது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு, பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத வரை, ஜாமீன்தாரரின் பொறுப்பைக் கடனாளியின் பொறுப்போடு சேர்த்தே வைக்கிறது. கடனாளியிடம் எல்லா வழியும் தீர்ந்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1968இல், பாங்க் ஆஃப் பிகார் வழக்கில் ஏற்க மறுத்தது. வரிக்கும் இதுவே நிலை. இன்றைய ஜிஎஸ்டி விதிகளில் 157ஆவது விதி, ஜாமீன்தாரரைப் பாக்கிதாரராகவே பாவித்து நடவடிக்கை எடுக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே பதில் கடிதத்தை இந்த ஒரே வாதத்தில் முடித்துவிட்டால், கையில் இருக்கும் நல்ல வாதங்கள் வீணாகும்.

நல்ல வாதங்கள் இருக்கும் இடம் அந்தப் பழைய ஜாமீன் பத்திரம். நோட்டீஸில் தொகை இருக்கும், பத்திரம் இருக்காது. கையெழுத்துப் போட்டவரிடமும் நகல் இருக்காது. எனவே முதல் வேலை பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குவது. அதைப் பார்க்காமல் "ஆமாம், நான் ஜாமீன் நின்றேன்" என்றுகூட எழுதித் தரக் கூடாது. கடை அறிமுகத்துக்குப் போட்ட கையெழுத்தும் ஜாமீன் கையெழுத்தும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து அலுவலகமும் குழம்பலாம், கையெழுத்துப் போட்டவரும் குழம்பலாம்.

பத்திரம் வந்ததும் தேட வேண்டியது தொகை. மத்திய விற்பனை வரிச் சட்டத்தின்படி வாங்கும் ஜாமீன், சட்டம் வைத்த உச்சவரம்புக்குள் ஒரு குறிப்பிட்ட தொகைக்கானது. நம் மளிகைக் கடைக்காரரின் பத்திரத்தில் ரூ.50,000 என்று இருந்தால், நிலுவை ஆறே முக்கால் லட்சமாக வளர்ந்திருந்தாலும் அவரிடம் கேட்கக்கூடியது ரூ.50,000தான். ஏற்றுக்கொண்டதற்கு மேல் ஜாமீன்தாரர் மீது சுமத்த முடியாது, பத்திரத்தின் சொற்களைத் தாண்டிப் போக முடியாது என்பதை 1967இல் மகாராஷ்டிர அரசு ஒரு தரப்பாக இருந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருக்கிறது. அலுவலகத்தில் நோட்டீஸ் தயாரிப்பவர் கடையின் மொத்த நிலுவையை அப்படியே எடுத்துப் போட்டிருந்தால், பத்திரத்தைப் பக்கத்தில் வைத்ததுமே தவறு தெரிந்துவிடும். தொகை எதுவும் குறிக்காமல் "செலுத்த வேண்டிய வரி முழுவதும்" என்று எழுதியிருந்தால் இந்தக் கதவு மூடிவிடும். ஆகவே சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும்.

அடுத்தது காலம். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஹார்டுவேர் கடை கூட்டு வணிகம். 2013இல் ஒரு பங்குதாரர் விலகி, இன்னொருவரின் மகன் சேர்ந்தார் என்று கொள்வோம். 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 38ஆவது பிரிவு, ஒரு நிறுவனத்துக்காகக் கொடுத்த தொடர் ஜாமீன், அதன் பங்குதாரர் அமைப்பு மாறிய நாளிலிருந்து, பின்னால் வரும் நடவடிக்கைகளுக்கு ரத்தாகிவிடும் என்கிறது. பாக்கியோ 2014-15க்கு உரியது. அப்படியானால் அந்த ரூ.50,000கூடக் கேள்விக்குரியதாகிறது. "அமைப்பு மாறினாலும் ஜாமீன் தொடரும்" என்ற ஒரு வரி பத்திரத்தில் இருந்தால் இந்தப் பிரிவு உதவாது. இல்லாவிட்டால் இதைவிட வலுவான பதில் ஜாமீன்தாரருக்குக் கிடைப்பது அரிது. பங்குதாரர் மாறிய விவரம் வணிகவரி அலுவலகத்தின் பதிவுக் கோப்பிலேயே இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் நகலையும் கேளுங்கள்.

மூன்றாவது, வரி முறையாக நிர்ணயிக்கப்பட்டதா என்பது. வரி விதிப்பு ஆணை ஹார்டுவேர் கடைக்காரருக்குச் சேர்ந்ததா, அவர் மேல்முறையீடு செய்திருக்கிறாரா, தடை ஆணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொறுப்பு சேர்ந்தே நிற்பதால் நன்மையும் உண்டு: மேல்முறையீட்டில் கடைக்காரரின் வரி குறைந்தால் ஜாமீன்தாரரிடம் கேட்கக்கூடியதும் அந்த அளவுக்கு மேல் போக முடியாது.

பதில் கடிதம் நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் போக வேண்டும். பத்திர நகல், வரி விதிப்பு ஆணை, அது ஹார்டுவேர் கடைக்காரருக்குச் சேர்ந்ததற்கான சான்று, வட்டி கணக்கிட்ட தாள், பதிவுக் கோப்பில் உள்ள பங்குதாரர் மாற்ற விவரம் ஆகியவற்றைக் கேட்டு, அவை கிடைத்த பிறகு விரிவான பதில் தருவதாகவும், அதுவரை ஜப்தியை நிறுத்திவைக்கும்படியும், நேரில் விளக்க வாய்ப்பு வேண்டும் என்றும் எழுதலாம். அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பத்திர நகலுக்குத் தகவல் உரிமைச் சட்டத்திலும் தனியாக ஒரு மனு போடலாம். ஆனால் அதன் பதிலுக்கு 30 நாள் கெடு இருப்பதால், அதை நம்பி நோட்டீஸுக்குப் பதில் எழுதாமல் இருக்கக் கூடாது. பதிலைப் பரிசீலிக்காமலே ஜப்திக்கு இறங்கினால் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கேட்க, முத்திரை விழுந்த அந்த நகல்தான் முதல் ஆதாரம். வீட்டுக்கு வில்லங்கச் சான்று ஒன்றும் போட்டுப் பாருங்கள், நிலுவைக்காகச் சொத்தின் மேல் ஏதாவது பதிவாகியிருந்தால் அதில் தெரியும்.

கட்டத்தான் வேண்டும் என்றாகிவிட்டால், பத்திரத்தில் உள்ள தொகையை மட்டும், எந்தப் பொறுப்புக்காக என்று எழுதிக் கட்டி ரசீது வாங்க வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 145ஆவது பிரிவு, முறையாகக் கட்டிய பணத்தை ஹார்டுவேர் கடைக்காரரிடமிருந்து திரும்பப் பெற உரிமை தருகிறது. வழக்குப் போட, கட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டு. அதே பத்திரத்தில் இன்னொருவரும் ஜாமீன் நின்றிருந்தால், வேறு ஏற்பாடு இல்லாத வரை அவரும் சரிபாதி ஏற்க வேண்டியவர்.

என் கோபம் மளிகைக் கடைக்காரர் மீது அல்ல, அவருக்கு இத்தனை ஆண்டுகள் எதுவும் சொல்லாத நடைமுறை மீது. ஹார்டுவேர் கடை வரி கட்டத் தவறிய முதல் ஆண்டே அவருக்கு ஒரு தகவல் வந்திருந்தால், கடை திறந்திருக்கும்போதே போய் மல்லுக்கட்டியிருப்பார். அல்லது ஒப்பந்தச் சட்டத்தின் 130ஆவது பிரிவின்படி, இனிமேல் வரும் வரிக்கு நான் ஜாமீன் இல்லை என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து விலகியிருப்பார். அவருக்குத் தெரியாமலே வட்டி ஏறியது. தெரிந்தபோது கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. பெட்ரோல், டீசல், மது வணிகத்தில் வாட் வரியும் மத்திய விற்பனை வரியும் இன்றும் தொடர்கின்றன. அங்கே இன்னமும் ஜாமீன் பத்திரங்கள் இருந்தால், வரி விதிப்பு ஆணையில் கையெழுத்திடும் அதிகாரி அதன் நகல் ஒன்றை ஜாமீன்தாரரின் முகவரிக்கும் அனுப்ப வேண்டும், பதிவு ரத்தாகி நிலுவை இல்லையென்றால் பத்திரத்தையும் திருப்பித் தர வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, துறையின் சுற்றறிக்கை ஒன்று போதும்.