‘எழுத்துபூர்வமாகப் புகார் வரவில்லையே’ என்று ஹெச்.ஆர். கைகழுவ முடியுமா?

மேனேஜரின் தொல்லை தாங்காமல் ஒரு டீமே தவிக்கிறது. விஷயம் ஹெச்.ஆர். வரை கசிந்திருக்கிறது. ஆனால், அங்கிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “எங்களுக்கு ரிட்டனா எதுவும் வரலையே, நாங்க என்ன பண்றது?”

கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால், யாரைப் பார்த்துப் பயப்படுகிறார்களோ அவர் கையில்தான் புகார் கொடுக்க வேண்டியவரின் ரேட்டிங், லீவ், அடுத்த புராஜெக்ட் எல்லாமே இருக்கின்றன. பல ஐ.டி. நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். அந்த மூன்று மாதமும் அதே மேனேஜரின் கீழ்தான் ஓட்ட வேண்டும். பிறகு ரிலீவிங் லெட்டர், அதன் பிறகு புதிய நிறுவனத்தின் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன். இத்தனையையும் கணக்குப் போட்டுப் பார்ப்பவர் வாயைத் திறக்காமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. புகார் வரவில்லை என்பதைப் பிரச்சினை இல்லை என்று ஹெச்.ஆர். எடுத்துக்கொள்வதுதான் தவறு.

முதலில் எது தொல்லை, எது வெறும் கண்டிப்பு என்று பார்ப்போம். எல்லாக் கண்டிப்பான மேனேஜரும் கொடுமைக்காரர் இல்லை. டெட்லைன் தவறினால் கேட்கத்தான் செய்வார்கள். ஒரு நாள் குரல் உயர்வதும் நடக்கும். வித்தியாசம் சத்தத்தில் இல்லை. திரும்பத் திரும்ப நடக்கிறதா, ஒரே ஆளைக் குறிவைக்கிறதா, அந்த ஆள் தன்னைத் தற்காத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்பதில் இருக்கிறது. இந்தத் துறையின் முன்னோடி ஆய்வாளரான ஸ்வீடனின் ஹெய்ன்ஸ் லேமன், இத்தகைய நடத்தைகளில் 45 வகைகளைப் பட்டியலிட்டார். அவற்றில் ஏதாவது ஒன்று வாரம் ஒரு முறையாவது, குறைந்தது 6 மாதம் தொடர்ந்தால் அதைப் பணியிடக் கொடுமை என்று அவர் கணக்கிட்டார். இது ஆய்வுக்கான அளவுகோல் மட்டுமே. ஹெச்.ஆர். 6 மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை.

சரி, ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னை ஓ.எம்.ஆரில் ஓர் அலுவலகம், 11 பேர் கொண்ட டீம். அதில் ஒரு பெண் டெஸ்டர். ரிலீஸுக்கு முன்பு ஒரு பெரிய பிழையைச் சுட்டிக்காட்டி, மேனேஜர் கிளையன்ட்டிடம் சொல்லியிருந்த தேதியைத் தள்ளிப்போக வைத்துவிட்டார். அதன் பிறகு மேனேஜர் அவரைத் திட்டவே இல்லை. காலை மீட்டிங்கில் எல்லோரிடமும் அப்டேட் கேட்பார், இவர் முறை வரும்போது மட்டும் “டைம் இல்ல, நெக்ஸ்ட்” என்று தாண்டிவிடுவார். இவர் செய்ய வேண்டிய வேலை பற்றிய மெயிலில் இவர் பெயர் மட்டும் விடுபட்டிருக்கும். மறுநாள் “இது ஏன் முடியலை?” என்று டீம் குரூப்பில் எல்லோர் முன்பும் கேள்வி வரும். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு வேலை வரும், திங்கள் காலை 9-க்கு முடித்திருக்க வேண்டும். இரண்டு வாரம் முன்பே கேட்ட லீவ், முந்தின நாள் இரவு ரிஜெக்ட் ஆகும்.

ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் ஒன்றுமே இல்லை. “மெயில்ல பேர் விட்டுப்போச்சு, ஸாரி” என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். தேர்ந்த தொல்லைக்காரர்களின் பலமே இதுதான். ஒரு சம்பவத்தை மட்டும் ஹெச்.ஆரிடம் போய்ச் சொன்னால், சொல்பவர்தான் ‘ரொம்ப சென்சிட்டிவ்’ என்ற பெயர் வாங்குவார். மூன்று மாத சம்பவங்களைத் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வடிவம் தெரியும்.

பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வேலையைப் பற்றிய கண்டிப்பு என்றால் எந்த வேலையில், எது தவறு, எதற்குள் சரிசெய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். அதே தவறை வேறொருவர் செய்தாலும் அதே பேச்சுதான் கிடைக்கும். சரிசெய்துவிட்டால் விஷயம் அங்கேயே முடியும். தொல்லையில் இந்த மூன்றுமே இருக்காது. “உன் ஆட்டிட்யூடே சரியில்லை” என்பதை எப்படி, எந்தத் தேதிக்குள் சரிசெய்வது?

புகார் இல்லாமலே பார்க்க முடியும்

இப்போது ஹெச்.ஆர். பக்கம் வருவோம். அந்த டெஸ்டர் வாயே திறக்கவில்லை என்றாலும், ஹெச்.ஆர். கையில் தகவல் இல்லாமல் இல்லை. 9 மாதத்தில் அந்த டீமிலிருந்து 4 பேர் ராஜினாமா, 2 பேர் வேறு டீமுக்கு மாற்றம் கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரிவ்யூ நடக்கும் நாட்களில் மட்டும் சிக் லீவ் கூடுகிறது. போன ஆண்டு வேறு மேனேஜரின் கீழ் நல்ல ரேட்டிங் வாங்கியவர், இந்த ஆண்டு திடீரென்று அடிமட்டத்துக்குப் போயிருக்கிறார். அதே தளத்தில், அதே மாதிரி வேலை செய்யும் பக்கத்து டீம்களில் இப்படி இல்லை. எல்லாமே ஹெச்.ஆர். சாஃப்ட்வேரில் இருக்கும் விவரங்கள்தாம். 11 பேர் டீமில் இரண்டு பேர் போவது தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால், இந்த எண்களை வைத்தே மேனேஜரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. எங்கே பார்க்க வேண்டும் என்று அவை காட்டும், அவ்வளவுதான். பெயரில்லாமல் வரும் கடிதத்தையும் இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதையே ஆதாரம் என்று நம்பவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது.

எக்ஸிட் இன்டர்வியூ என்ன ஆச்சு என்று கேட்கலாம். அதில் எல்லோரும் ‘பெட்டர் ஆப்பர்ச்சூனிட்டி’ என்றுதான் எழுதியிருப்பார்கள். செட்டில்மென்ட் பணமும் ரிலீவிங் லெட்டரும் கைக்கு வராத நிலையில் வேறென்ன எழுதுவார்கள்? அந்த நான்கு பேரிடமும் இரண்டு மூன்று மாதம் கழித்து, எல்லாக் காகிதமும் கைக்குப் போன பிறகு, ஒருமுறை போனில் பேசினால் வேறு கதை வரக்கூடும்.

அடுத்து, டீமில் இருப்பவர்களுடன் பேச வேண்டும். இங்கேதான் பல இடங்களில் சொதப்புகிறார்கள். சந்தேகம் வந்ததும் பாதிக்கப்பட்டவரை மட்டும் தனியாகக் கூப்பிடுகிறார்கள். கண்ணாடி அறைக்குள் அவர் ஹெச்.ஆருடன் உட்கார்ந்திருப்பதை மொத்தத் தளமும் பார்க்கிறது. மாலைக்குள் மேனேஜருக்குத் தெரிந்துவிடும். எனவே 11 பேரையும், ஒரே கேள்விகளுடன், ஒரே அளவு நேரம் சந்திக்க வேண்டும். அந்த மேனேஜருடன் தினமும் வேலை செய்யும் ஹெச்.ஆர். பார்ட்னர் அல்லாமல், வேறு பிரிவுக்கான ஹெச்.ஆர். ஊழியர் சந்திப்பது நல்லது. “உங்கள் மேனேஜர் தொல்லை தருகிறாரா?” என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். “மீட்டிங்கில் யாராவது தவறு செய்தால் என்ன நடக்கும்?”, “கடைசியாக நீங்கள் கேட்ட லீவ் என்ன ஆனது?” என்று கேட்டால் நடந்தது வெளியே வரும்.

“நீங்க சொல்றது வெளியே போகாது” என்ற வாக்குறுதியை மட்டும் தரவே கூடாது. காப்பாற்ற முடியாத வாக்கு அது. விசாரணை என்று வந்தால் குற்றச்சாட்டைச் சொல்லித்தான் மேனேஜரின் பதிலைக் கேட்க முடியும். அவருக்கும் அந்த உரிமை உண்டு. எது, யாரிடம் வரை போகும், எந்தக் கட்டத்தில் பெயர் தேவைப்படும், அதற்கு முன்பு உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வோம் என்று உள்ளதை உள்ளபடி சொல்வதே நேர்மை. ஒருவர் “பதிவு பண்ணிக்கோங்க, இப்போதைக்கு எதுவும் பண்ண வேண்டாம்” என்றால் தேதியுடன் பதிந்து வைக்கலாம். ஆனால், மிரட்டலோ பாலியல் சீண்டலோ இருந்தால் அப்படியே விட்டுவிட முடியாது என்பதையும் அவர் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சட்டம் காட்டும் வழி

இந்தியாவில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013 சட்டம் இருக்கிறது. 10 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். பாலியல் சாராத மேனேஜர் தொல்லைக்கென்று இப்படித் தனிச் சட்டம் எதுவும் இல்லை. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மிரட்டினால் குற்றவியல் சட்டம் என்று சிலவற்றுக்கு வழி உண்டு. அந்த டெஸ்டரின் பெயர் விடுபட்ட மெயிலுக்கு எந்தச் சட்டமும் வராது.

ஆனால், அந்த 2013 சட்டத்தின் விதிகளில் ஒன்றைக் கடன் வாங்க ஹெச்.ஆருக்கு யார் தடை போட்டது? விசாரணை நடக்கும் காலத்தில், புகார் தந்த பெண்ணின் எழுத்துபூர்வ வேண்டுகோளின் பேரில், குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய பணி மதிப்பீட்டைச் செய்யாமல் தடுத்து, அந்தப் பொறுப்பை வேறொரு அதிகாரியிடம் தரச் சொல்ல உள்ளகக் குழுவால் முடியும். மேனேஜர் தொல்லைக்கும் இதுதான் பொருத்தமான முதல் மருந்து. பயத்தின் வேரே ரேட்டிங்கும் லீவும்தானே? அந்த இரண்டையும் தற்காலிகமாக மேனேஜரின் மேலதிகாரியிடம் மாற்றினால், உண்மை பேச ஆட்கள் துணிவார்கள். பல நிறுவனங்கள் நேர்மாறாக, பாதிக்கப்பட்டவரை வேறு டீமுக்கு மாற்றி ‘தீர்த்து’ வைக்கின்றன. அந்த டெஸ்டர் தனக்குப் பழகிய புராஜெக்டை இழப்பார், மேனேஜருக்கு அடுத்த ஆள் கிடைப்பார்.

பெரும்பாலானோர் மறந்துவிடுவது விசாரணை முடிந்த பிறகு வரும் மாதங்களை. பழிவாங்கல் அப்போதுதான் வரும், அதுவும் பொறுமையாக. அடுத்த இரண்டு அப்ரைசல் வரை, பேசியவர்களின் ரேட்டிங், ரிஜெக்ட் ஆன லீவ், ஷிஃப்ட் மாற்றம், பெஞ்சுக்கு அனுப்பப்பட்டது ஆகியவற்றை டீமின் மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பை ஹெச்.ஆரில் ஒருவரிடம் தேதி குறித்து ஒப்படைக்க வேண்டும்.

நடைமுறைச் சிக்கல் ஒன்றையும் ஒளிக்க வேண்டியதில்லை. அந்த மேனேஜர் பெரிய கிளையன்ட்டைக் கையில் வைத்திருப்பவராக இருந்தால், டெலிவரி ஹெட் அவரை விட்டுக்கொடுக்க மாட்டார். ஹெச்.ஆருக்கும் சம்பளம் அதே நிர்வாகம்தான் தருகிறது. அதனால், இத்தகைய விஷயங்களில் இறுதி முடிவை அந்தக் கிளையன்ட்டின் வருமானத்தைக் கணக்கில் காட்டாத ஒருவர் எடுக்க வேண்டும். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில், 2013 கம்பெனிகள் சட்டப்படி முறைகேடுகளைத் தெரிவிக்க ஒரு தனி ஏற்பாடு இருக்க வேண்டும். தெரிவிப்பவர் பழிவாங்கப்படாமல் இருக்கப் பாதுகாப்பும், தேவைப்பட்டால் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகும் வழியும் அதில் உண்டு. மேனேஜர் தொல்லையையும் அதன் வரம்புக்குள் கொண்டுவருவது அந்தந்த நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது. உங்கள் நிறுவனத்தின் கொள்கையில் அது இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் படித்துவிடுங்கள்.

இன்னும் புகார் கொடுக்கும் முடிவுக்கு வராதவர்கள் ஒரு நோட்டில் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள், பிறகு நடந்தது என்று அன்றன்றைக்கே எழுதி வரலாம். வாய்மொழியாக வரும் உத்தரவுக்கு, “நீங்கள் சொன்னபடி திங்கள் 9 மணிக்குள் இதை முடிக்கிறேன்” என்று அலுவலக மெயிலிலேயே ஒரு வரி அனுப்பி வைக்கலாம். ஆதாரம் சேர்க்கிறேன் என்று கம்பெனி மெயில்களைச் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் செய்வதைத் தவிர்ப்பது நல்லது. பல நிறுவனங்களில் அது தகவல் பாதுகாப்பு விதிமீறல், விசாரணை மேனேஜரை விட்டு உங்கள் பக்கம் திரும்பிவிடும்.