1 ஜிபிபிஎஸ் பிளான் போட்டும் ஸ்பீடு 94-ஐத் தாண்டலையா? கேபிளைப் பாருங்க!

வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கும் நண்பர் ஒருவர், வொர்க் ஃப்ரம் ஹோமுக்காக 100 எம்பிபிஎஸ் பிளானில் இருந்து 1 ஜிபிபிஎஸ் பிளானுக்கு மாறினார். மாதம் 3,999 ரூபாய், வரியோடு சேர்த்தால் 4,700 ரூபாயைத் தாண்டும். மாறிய அன்று ஸ்பீடு டெஸ்ட் போட்டார்: 94. இரவு 11 மணிக்குப் போட்டார்: 93.8. காலையில் எழுந்ததும் போட்டார்: 94.1. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்" என்ற பதில்தான் வந்தது.

கடைசியில் பார்த்தால், அவர்கள் சொன்னது உண்மைதான். பிரச்னை வீட்டுக்குள் இருந்தது.

அது ஏன் சரியாக 94?

நெட் ஸ்லோவாக இருந்தால் எண் ஏறி இறங்கும். காலையில் 300, இரவில் 120 என்று வந்தால் நெரிசலோ, வைஃபை சிக்னலோ காரணமாக இருக்கலாம். ஆனால் எப்போது போட்டாலும் 93, 94, 95-க்குள்ளேயே நின்றால், வழியில் எங்கோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது என்று அர்த்தம்.

அப்படியென்றால் 100 வரணுமே, ஏன் 94? கேபிளில் போகும் ஒவ்வொரு முழு பாக்கெட்டும் 1,538 பைட் இடத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் நம் டேட்டா அதிகபட்சம் 1,460 பைட்தான். மீதி, எங்கே போக வேண்டும் என்ற முகவரிக்கும் பாக்கெட்டுகளுக்கு நடுவில் விடும் இடைவெளிக்கும் போய்விடும். கணக்குப் போட்டால் 100-ல் சுமார் 95 சதவிகிதம் கையில் நிற்கும். அதேபோல, 1 ஜிபிபிஎஸ் இணைப்பிலும் 1,000 வராது. 940-ஐ ஒட்டி வந்தால் அது முழு ஸ்பீடுதான்.

200, 300 எம்பிபிஎஸ் பிளானில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். 100 எம்பிபிஎஸ் பிளானில் இருந்தவரை இந்தக் குறை வெளியே தெரியாது. பிளானை ஏற்றியதும்தான் முழித்துக்கொள்ளும்.

எட்டு கம்பி கதை

ரூட்டரில் செருகும் லேன் கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். எட்டில் ஒரு கம்பி அறுந்திருந்தாலோ, பின்னில் சரியாகப் பிடிக்காமல் இருந்தாலோ, பல சாதனங்கள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வேலை செய்யும், லைட் எரியும், எந்த எச்சரிக்கையும் வராது. அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆகிறது.

கேபிளின் மேல் கேட் 5 என்று போட்டிருந்தாலே தூக்கிப் போட வேண்டும் என்றில்லை. 1999-ல் வந்த கிகாபிட் தரமே அந்த வகைக் கேபிளில் ஓடும்படி உருவாக்கப்பட்டதுதான். நல்ல நிலையில் இருந்தால் வீட்டுத் தூரத்துக்கு அது தாங்கும். மாறாக, கேட் 6 என்று அச்சிட்ட கேபிளில் நான்கு கம்பியை மட்டும் கிரிம்ப் செய்திருந்தால் 100-தான் வரும். புதிதாக வாங்கும்போது கேட் 5இ அல்லது கேட் 6 வாங்குங்கள், போதும்.

இன்னொரு சந்தேக நபர், போர்ட். விலை குறைந்த பல ரூட்டர்களின் வைஃபை வேகம் பெட்டியில் பெரிய எண்ணாக இருக்கும். பின்னால் உள்ள போர்ட்டுகளோ 10/100 வகை. ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியிலும் கவனம் தேவை. சில மாடல்களில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட், மற்றவை 100. தப்பான போர்ட்டில் செருகினால் அவ்வளவுதான்.

எப்படிச் செக் செய்வது?

லேப்டாப்பை கேபிளில் இணையுங்கள். வைஃபையை ஆஃப் செய்துவிடுங்கள், இல்லையென்றால் எதை அளக்கிறோம் என்றே தெரியாது. விண்டோஸ் 11-ல் Settings > Network & internet > Ethernet போனால், Link speed என்ற வரி இருக்கும். 1000/1000 (Mbps) என்றால் சரி. 100/100 (Mbps) என்றால் அந்தக் கேபிளிலோ, அதன் இரு முனைகளில் உள்ள போர்ட்டிலோதான் குறை. பவர்ஷெல்லில் பார்க்க:

```
Get-NetAdapter
```

மேக்கில் டெர்மினலைத் திறந்து:

```
ifconfig | grep media
```

1000baseT என்று வந்தால் கிகாபிட், 100baseTX என்று வந்தால் 100.

லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லாமல் யுஎஸ்பி அடாப்டர் போடுகிறீர்களா? பழைய அடாப்டர்கள் பல 100 வகைதான். முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.

போன் மட்டும்தான் இருக்கிறது என்றால், ரூட்டர் பக்கத்தில் நின்று 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் நாலைந்து முறை டெஸ்ட் போடுங்கள். 400, 500 வந்தால் கேபிள் மேல் பழி இல்லை. அது போனின் வைஃபை எல்லை. ஒவ்வொரு முறையும் 94 என்றால், ஓஎன்டியில் இருந்து ரூட்டருக்கு வரும் கேபிளையோ அந்த இரு போர்ட்டுகளையோ பாருங்கள். ஓஎன்டியும் வைஃபையும் ஒரே பெட்டியில் இருந்தால் நடுவில் கேபிளே கிடையாது. அப்போதும் வைஃபையில் 94 வந்தால், உங்கள் கணக்கில் புதிய பிளான் ஏறியிருக்கிறதா என்று நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

நண்பர் வீட்டில் நடந்தது என்ன?

அவர் வீட்டில் இரண்டும் தனித்தனிப் பெட்டி. வந்த டெக்னீஷியன் தன் லேப்டாப்பை நேராக ஓஎன்டியில் செருகினார்: 930. ஆக, நிறுவனம் கொடுப்பது சரியாகவே வருகிறது. அதே போர்ட்டில் பழைய கேபிளோடு ரூட்டரை மாட்டி, ரூட்டரில் இருந்து பார்த்தால் 94. கேபிளை மட்டும் மாற்றி ஒரு மீட்டர் புது கேபிள் போட்டதும் 938. ரூட்டர் தப்பித்தது, கேபிள் மாட்டிக்கொண்டது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியதால்தான் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் பெட்ரூமில் அவர் வேலை செய்யும் மேசையில் அப்போதும் 94! அங்கே சுவருக்குள் போகும் கேபிள். சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால், நான்கு கம்பிதான் பொருத்தப்பட்டிருந்தது. நீல ஜோடியை எப்போதோ லேண்ட்லைன் போனுக்கு இழுத்திருக்கிறார்கள். பிரவுன் ஜோடி சும்மா மடித்து விடப்பட்டிருந்தது. லேண்ட்லைன் போய் வருஷக்கணக்கு ஆகிறது. இரு முனையிலும் எட்டு கம்பியையும் சேர்த்ததும் 1000/1000 காட்டியது. சுவரை உடைக்கவே வேண்டியிருக்கவில்லை.

எல்லாமே நம் கையில் இல்லை

சில லோக்கல் ஆபரேட்டர்கள் ஃபைபரை அபார்ட்மென்ட் வாசல் வரை கொண்டு வந்து, அங்கே ஒரு ஸ்விட்ச் வைத்து, லேன் கேபிளில்தான் வீட்டுக்கு இணைப்பு தருவார்கள். அந்த ஸ்விட்ச் 100 வகையாக இருந்தால் உங்கள் வீட்டில் எதை மாற்றினாலும் பயனில்லை. வெளியில் இருந்து வரும் அந்தக் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகி, Link speed 100/100 என்று காட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். "எங்க பக்கம் சரியா இருக்கு" என்று அப்போது சொல்ல முடியாது.

ஸ்மார்ட் டிவியில் மட்டும் 94 வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட்டே 100 வகைதான், 4கே வீடியோவுக்கு அது தாராளம்.