ஒட்டு தெரியாத மலைக்கோட்டை

பல புகைப்படங்களின் துண்டுகளைச் சேர்த்து ஒரு கற்பனை நிலக்காட்சியை அமைப்பது போட்டோபேஷிங். அப்படிச் சேர்த்த படத்தில் ஒட்டைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நிழலின் கருமைதான். விளிம்பை எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் இந்தக் குறை போகாது.

செங்குத்துப் பாறையின் மேல் ஒரு கோட்டை, பின்னால் பனிமலை என்று ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளலாம். முதலில் அடிவானக் கோடும் வெளிச்சம் வரும் திசையும் முடிவாக வேண்டும். பிறகு சாம்பல் நிறத்தில் மூன்று தளங்கள் தீட்டப்படுகின்றன: பாறை கருமையாக, கோட்டை சற்று வெளிறி, மலை இன்னும் வெளிறி. துண்டுகள் இந்த வரைவுக்குக் கட்டுப்பட வேண்டும். மேகமூட்டமான நாளில் எடுத்த படங்களே இதற்கு நல்லவை. அவற்றில் கடுமையான நிழல் இல்லாததால் வெளிச்சத்தை ஓவியரே தீர்மானிக்கலாம்.

தொலைவில் உள்ள பொருளுக்கும் கண்ணுக்கும் நடுவே காற்று நிறைந்திருப்பதால் அதன் நிழல் கறுப்பாகத் தெரியாது; வெளிறி நீலம் பாரிக்கும். மலைப் படத்தை அப்படியே ஒட்டினால் அதன் கரிய பிளவுகள் முன்னால் பாய்ந்து வந்து பாறையோடு ஒட்டிக்கொள்ளும். கர்வ்ஸ் கருவியில் கருமை முனையை உயர்த்துவதே இதற்கு மருந்து. 0 முதல் 255 வரையிலான அளவில் மலையின் மிகக் கரிய புள்ளி 90 அளவில் நிற்கலாம். கோட்டைக்கு 45, முன்பாறைக்கு 10 போதும். இவை விதிகள் அல்ல, மூடுபனி கூடினால் எண்களும் கூடும். நீல அலைவரிசையை மட்டும் இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் தொலைவு கூடும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் தவறிய துண்டு உடனே தெரியும்.

அடுத்த சிக்கல் அளவு. கைக்கெட்டும் தூரத்தில் எடுத்த கல்லைப் பெரிய பாறையாக்கினால் அதன் விரிசல்கள் கோட்டை வாசலைவிட அகலமாகத் தெரியும், மலை பொம்மையாகிவிடும். கல்லைச் சுருக்கி, திருப்பி, அடுக்கி நிரப்பலாம். ஆனால் ஒரே விரிசல் இரண்டு இடத்தில் தெரிந்துவிடக் கூடாது.

இதற்குப் பிறகுதான் தூரிகை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புதிய லேயர் வைத்து, ஒட்டின் இருபுறத்திலிருந்தும் நிறம் எடுத்து, அந்த ஒட்டைக் கடந்து செல்லும்படி தீட்ட வேண்டும். விளிம்பு நெடுகத் தேய்த்து மங்கலாக்குவது பலரும் செய்வது. அது ஒட்டின் மேல் புகை படிந்ததுபோல ஆகிவிடும். சுவர் பாறையில் ஊன்றும் இடத்தில் நிழலும் உதிர்ந்த கல்லும் புல்லும் வேண்டும். நிழலுக்குள் புகைப்படத்தின் நுண்விவரங்களைப் பெரும்பாலும் மூடிவிடலாம். பார்வை தங்க வேண்டிய வாசலருகே மட்டும் அவை மிஞ்சினால் போதும். கடைசியாகப் படம் முழுவதற்கும் ஒரே சீரான மெல்லிய இரைச்சல் புள்ளிகளைத் தூவினால் வெவ்வேறு கேமராக்களின் வேறுபாடு மறையும்.

பார்வைக்கோணம் மாறிய கோட்டையை மட்டும் எந்தத் தூரிகையும் காப்பாற்றாது. கீழிருந்து பார்க்க வேண்டிய சுவரின் மேல்தளம் கண்ணில் பட்டால், அந்தப் படத்தை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவதே குறைந்த வேலை.